அறுபது லட்சத்துக்கு மேல் போகாது என்று எழுதியிருந்தது

"மேடம், எனக்குச் சட்டம் வேண்டாம். எந்த கஸ்டமர்கிட்ட எவ்வளவுக்கு மாட்டுவோம், அதை மட்டும் ஒரே பக்கத்துல கொடுங்க. ரெனியுவல் பேசப் போகும்போது கையில இருக்கணும்."

எங்கள் சேல்ஸ் மேனேஜர் இப்படிக் கேட்டபோது, அது அரை நாள் வேலை என்று நினைத்தேன். சென்னையில் கிடங்குச் சரக்குக் கணக்குக்கான மென்பொருள் விற்கும் நிறுவனம் எங்களுடையது. நான் அங்கே ஒப்பந்தங்களைப் படிக்கும் வேலையில் இருந்தேன். எங்களிடம் இருந்த வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் நாற்பதுக்குக் குறைவுதான். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைத் தேடி எடுத்து எக்செல்லில் மூன்று பத்திகளாக அடுக்கினால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாளில் அடுக்கியும் முடித்தேன். மூன்று பத்திகளில் எதிலும் பிழை இல்லை. ஆனால் அந்த அட்டவணையை நம்பி ஒருவர் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தால் ஏமாந்திருப்பார். சரியான தகவல்களைக் கொண்டே தவறான அட்டவணை எப்படி உருவாகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பெயர்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன், ஷரத்துகளின் அமைப்பை மாற்றவில்லை.

முதலில் அந்த மூன்று விஷயங்கள்.

வங்கியில் வைப்புநிதி ரசீதைத் தொலைத்துவிட்டு நகல் கேட்டிருந்தால் உங்களுக்கு இன்டெம்னிட்டி என்ற சொல் தெரிந்திருக்கும். "இந்தத் தொலைந்த ரசீதை வைத்து நாளைக்கு யாராவது வந்து பணம் கேட்டு, அதனால் வங்கிக்கு நஷ்டம் வந்தால் அதை நான் ஈடுகட்டுகிறேன்" என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் இன்டெம்னிட்டி பாண்ட். தமிழ்ச் சட்ட நூல்களில் ஈட்டுறுதி என்று இருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 124ஆம் பிரிவில் இதற்கு இலக்கணம் சொல்கிறது. வாக்குக் கொடுப்பவரின் செயலாலோ வேறு ஒருவரின் செயலாலோ மற்றவருக்கு வரும் நஷ்டத்திலிருந்து அவரைக் காப்பதாகக் கொடுக்கும் வாக்கு அது. வியாபார ஒப்பந்தங்களில் விற்பவர் வாங்குபவருக்கு இந்த வாக்கைக் கொடுப்பார். "எங்கள் மென்பொருள் தன்னுடையதைக் காப்பியடித்தது என்று யாராவது உங்கள் மீது வழக்குப் போட்டால் செலவு எங்களுடையது" என்பது வழக்கமான ஓர் உதாரணம்.

இரண்டாவது, பொறுப்பு வரம்பு. எங்கள் அலுவலகத்தில் கேப் என்றுதான் சொல்வோம். என்ன தவறு நடந்தாலும் இந்தத் தொகைக்கு மேல் நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்று போடும் கோடு அது. மென்பொருள் வியாபாரத்தில் பெரும்பாலும் அது ஓராண்டுக் கட்டணமாக இருக்கும்.

மூன்றாவது, தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டத்தின்படி, எந்த ஊர் நீதிமன்றத்தில் அல்லது எந்த நடுவர் மன்றத்தில் தீர்ப்பது என்பது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரியில் இருக்கும். பேச்சுவார்த்தையில் எல்லோரும் களைத்துப்போன பிறகு வருவதால் யாரும் சண்டை போடாமல் விட்டுவிடும் ஷரத்தும் இதுதான்.

இப்போது என் முதல் அட்டவணையிலிருந்து மூன்று வரிசைகள். புனேயில் கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனம், ஆண்டுக் கட்டணம் 60 லட்சம் ரூபாய், வரம்பு ஓராண்டுக் கட்டணம், இந்தியச் சட்டம், புனே நீதிமன்றம். நான் பச்சை நிறம் கொடுத்தேன். சிங்கப்பூரில் கடைகள் நடத்தும் நிறுவனம், கட்டணம் 90 லட்சம், வரம்பு அதன் இரண்டு மடங்கு, தரவுக் கசிவுக்கு மட்டும் 5 கோடி, சிங்கப்பூர்ச் சட்டம், சிங்கப்பூரில் நடுவர் மன்றம். வெளிநாடு, பெரிய தொகை, அதனால் சிவப்பு. ஓசூரில் ஒரு தொழிற்சாலை, கட்டணம் 18 லட்சம், ஒப்பந்தம் எதுவும் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும். இன்டெம்னிட்டிப் பத்தியிலும் வரம்புப் பத்தியிலும் "இல்லை" என்று எழுதினேன். சின்ன வாடிக்கையாளர்தானே என்று மஞ்சள் கொடுத்தேன்.

மூன்று நிறமும் தவறு. பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஊழியர், பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவர், புனே ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "வரம்பு ஷரத்து எந்தச் சொல்லில் ஆரம்பிக்குது?"

"14ஆம் ஷரத்தின் கீழ் வரும் கடமைகள் நீங்கலாக" என்று ஆரம்பித்தது. நான் அதைப் படித்திருந்தேன். தொகை அடுத்த வரியில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

14ஆம் ஷரத்துதான் இன்டெம்னிட்டி. அதையும் எடுத்து வேறொரு பத்தியில் "உண்டு" என்று குறித்திருந்தேன். எதற்கு உண்டு என்பதை எழுதவில்லை. அங்கே இருந்தது இது. இந்த ஒப்பந்தத்தை மீறுவதால் அல்லது மீறுவது தொடர்பாக வாங்குபவருக்கு வரும் எல்லா நஷ்டத்தையும் விற்பவர் ஈடுகட்ட வேண்டும். மூன்றாம் ஆள் போடும் வழக்குக்கு மட்டும் என்ற கட்டு இல்லை. காப்புரிமைக்கு மட்டும் என்றும் இல்லை. எந்த மீறலானாலும் எல்லா நஷ்டமும் சேர்த்தி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். மீறலால் வரும் நஷ்டத்துக்கு 60 லட்சம் வரம்பு என்கிறது ஒரு ஷரத்து. எல்லா மீறலையும் இன்டெம்னிட்டிக்குள் கொண்டுவருகிறது மற்றொன்று. இன்டெம்னிட்டி அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. அப்படியானால் வரம்புக்குள் விழ எதுவும் மிச்சமில்லை. 60 லட்சம் என்ற எண் காகிதத்தில் இருக்கிறது, ஆனால் காப்பாற்றும் வேலை எதையும் செய்யவில்லை.

இதைத் தொகையாக வைத்துப் பார்ப்போம். மென்பொருள் ஒரு நாள் சரக்கைத் தவறாகக் காட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். புனே நிறுவனம் ஓர் உதிரிபாகம் கையிருப்பில் இருப்பதாக நம்பிவிட்டது, உண்மையில் இல்லை. அவர்களிடம் வாங்கும் கார் நிறுவனத்தின் வரிசை நின்றது. அதற்கு அபராதமாக 2 கோடி கட்டினார்கள். தங்கள் லாபத்தில் 1 கோடி போனது என்கிறார்கள். விமானத்தில் சரக்கு வரவழைத்த செலவு 20 லட்சம். மொத்தம் 3 கோடியே 20 லட்சம். வரம்பு வேலை செய்தால் நாங்கள் கொடுப்பது 60 லட்சம். 14ஆம் ஷரத்து வழியாக வந்தால் கேட்பது முழுத் தொகை.

இங்கே இன்னொரு நுணுக்கம். வெறும் ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மீறலின் இயல்பான விளைவாக வந்த நஷ்டம், அல்லது ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டம், இவற்றுக்குத்தான் ஈடு உண்டு, தொலைவான மறைமுக நஷ்டத்துக்கு இல்லை என்கிறது அந்தப் பிரிவு. இந்தக் கொள்கையின் வேர் 1854இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் வழக்கு. மாவுமில்லின் உடைந்த தண்டைக் கொண்டுபோனவர் தாமதித்தார், அதுவரை மில் ஓடாத லாபத்தை மில்காரர் கேட்டார், கிடைக்கவில்லை. புனே வாடிக்கையாளரின் 1 கோடி லாப இழப்பும் கார் நிறுவனத்துக்குக் கட்டிய அபராதமும் அந்த மில்லின் லாபத்தைப் போன்றவை, எனவே ஈடு இல்லை என்று நாங்கள் வாதாடலாம். ஆனால் "எல்லா நஷ்டத்தையும் ஈடுகட்டுகிறேன்" என்று தனியாக வாக்குக் கொடுத்திருந்தால், அந்த வாக்கைக் காட்டி எதிர்த்தரப்பு இந்தத் தடையைச் சுற்றி வர முயலும். நஷ்டத்தைக் கையிலிருந்து கட்டிய பிறகுதான் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்டெம்னிட்டி பெற்றவரின் கடன் உறுதியாகிவிட்டால், அவர் கட்டுவதற்கு முன்பே வாக்குக் கொடுத்தவரைக் கட்டச் சொல்லலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1942இல் கஜானன் மோரேஷ்வர் வழக்கில் சொல்லிவிட்டது.

அதனால் அட்டவணையில் "இன்டெம்னிட்டி உண்டா?" என்று ஒரு பத்தி வைப்பதில் பயனே இல்லை. ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. கேட்க வேண்டியவை மூன்று. எதற்காக? மூன்றாம் ஆளின் வழக்குக்கு மட்டுமா, நேரடி நஷ்டத்துக்குமா? வரம்புக்கு உள்ளேயா, வெளியேயா? நான் மூன்றாவது கேள்விக்குத் தனிப் பத்தி வைத்து, அதன் தலைப்பாக "வரம்புக்கு வெளியே நிற்பவை" என்று எழுதினேன். முழு அட்டவணையிலும் ஒரே ஒரு பத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

சிங்கப்பூர் ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தபோது நேர்மாறாக இருந்தது. அங்கே இன்டெம்னிட்டி ஒன்றுக்கு மட்டும்தான், எங்கள் மென்பொருள் தன்னுடையதைக் காப்பியடித்தது என்று வெளியாள் போடும் வழக்குக்கு. அதுவும் 5 கோடி வரம்புக்குள் தரவுக் கசிவோடு சேர்ந்தே இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு ஆண்டுக் கட்டணம், அதாவது 1 கோடியே 80 லட்சம். வேண்டுமென்றே செய்த மோசடி மட்டும் வரம்புக்கு வெளியே. அதை வெளியே விடுவது நியாயம்தான், நான் எதிர்க்கமாட்டேன்.

அந்த ஒப்பந்தத்தில் நான் மாட்டியது வேறொரு சொல்லில். 5 கோடி என்பது 1.80 கோடிக்கு மேலாகவா, அதற்குப் பதிலாகவா, அல்லது அதை உள்ளடக்கியா? மேலாக என்றால் உச்சம் 6 கோடியே 80 லட்சம். உள்ளடக்கி என்றால் 5 கோடி. ஒரு சொல்லுக்கு 1.80 கோடி வித்தியாசம். ஒப்பந்தத்தில் அது தெளிவாக இல்லை. அப்படித் தெளிவில்லாத இடத்தில் நமக்குச் சாதகமான எண்ணை எழுதக்கூடாது. பெரிய எண்ணை எழுதி, "ஷரத்து 11.3 இரண்டு விதமாகப் படிக்க இடம் தருகிறது" என்று பக்கத்தில் குறித்தேன். சேல்ஸ் மேனேஜருக்கு அந்தக் குறிப்பே வேலை கொடுக்கிறது. ரெனியுவலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், வாடிக்கையாளருக்கும் அதில் பெரிதாக மறுக்க ஒன்றுமில்லை.

இதே மாதிரி ஓராண்டுக் கட்டணம் என்ற சொற்களும் எளிமையாகத் தோன்றி ஏமாற்றும். சம்பவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் "செலுத்திய" கட்டணமா, "செலுத்த வேண்டிய" கட்டணமா? புனேக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 15 லட்சம் கட்டுகிறார்கள். நான்காம் மாதத்தில் பிரச்சினை வந்தால் செலுத்தியது அதிகம் போனால் 30 லட்சம், செலுத்த வேண்டியது 60 லட்சம். அடுத்த கேள்வி, இந்த வரம்பு ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? தனித்தனி என்றால் ஒரே ஆண்டில் மூன்று சம்பவம் வந்தால் மூன்று வரம்பு. அட்டவணையில் "60 லட்சம்" என்று எண்ணை மட்டும் எழுதினால் இவை எல்லாம் மறைந்துபோகும். அதனால் எண்ணுக்குக் கீழே ஒப்பந்தத்தின் சொற்களையே, சுருக்காமல், ஷரத்து எண்ணோடும் பக்க எண்ணோடும் ஒட்டிவைப்பேன். ஆங்கில ஒப்பந்தங்களில் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைக் கண்டால் வரையறைப் பகுதிக்குப் போய்ப் பார்ப்பேன். "கட்டணம்" என்ற சொல்லுக்கே வரையறை இருக்கும். சிலவற்றில் அது ஒரு ஆர்டருக்கான கட்டணம், சிலவற்றில் எல்லா ஆர்டருக்கும்.

இனி ஓசூர். அங்கேதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

நான் எல்லா ஆவணங்களிலும் `indemn` என்ற ஆறு எழுத்துகளைத் தட்டித் தேடினேன். சொல்லின் முடிவு எப்படி மாறினாலும் இந்த ஆறும் அகப்படும் என்பதால் அது நல்ல வழிதான். வரம்புக்கு `liab`. ஓசூர் ஆர்டரில் இரண்டும் வரவில்லை. அதனால் "இல்லை" என்று எழுதினேன். அந்தக் கோப்பு ஸ்கேன் செய்த படம் என்பதையும், அதன் பின்பக்கம் எழுத்தாக மாறவே இல்லை என்பதையும் நான் பார்க்கவில்லை. பொடி எழுத்தில், சாம்பல் மையில், பின்பக்கம் முழுக்க நிபந்தனைகள் இருந்தன. அவற்றில் ஒன்று, சப்ளையர் காரணமாக ஏற்படும் எல்லா நஷ்டத்தையும் சப்ளையரே நேர்செய்து தர வேண்டும் என்றது. இன்டெம்னிட்டி என்ற சொல்லே இல்லாத இன்டெம்னிட்டி அது. எழுத்தாக மாறியிருந்தாலும் என் ஆறு எழுத்துகளுக்கு அகப்பட்டிருக்காது.

வரம்பு உண்மையிலேயே இல்லை. இங்கேதான் "இல்லை" என்ற சொல்லின் ஆபத்து. இன்டெம்னிட்டிப் பத்தியில் "இல்லை" என்றால் விற்பவருக்கு நல்லது. வரம்புப் பத்தியில் அதே "இல்லை" என்றால் எல்லையே இல்லை என்று அர்த்தம், கெட்டது. ஒரே சொல் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் எதிரெதிர் பொருள் தருகிறது. வேகமாகப் படிக்கும் மேனேஜர் இரண்டையும் ஒன்றுபோல எடுத்துக்கொள்வார். அதன்பிறகு நான் மூன்று தனித்தனிச் சொற்களை வைத்துக்கொண்டேன். ஆவணத்தை முழுதும் படித்தும் அப்படி ஒரு ஷரத்து இல்லை என்றால் "ஷரத்து இல்லை, எனவே எல்லையற்றது." படிக்க முடியாத பக்கம் இருந்தால் "படிக்க இயலவில்லை, அசல் வேண்டும்." இன்னும் பார்க்கவில்லை என்றால் வெற்றிடம். வெற்றிடத்தை நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். நிரப்பாமல் விடுவதுதான் நேர்மை.

ஓசூரில் இன்னொரு கேள்வியும் இருந்தது. நாங்கள் அனுப்பிய விலைப்புள்ளியின் அடியிலும் எங்கள் நிபந்தனைகள் இருந்தன, அதில் வரம்பும் இருந்தது. அவர்கள் ஆர்டரின் பின்பக்கத்தில் அவர்கள் நிபந்தனைகள். எது செல்லும்? ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, ஒரு முன்மொழிவின் நிபந்தனைகளை நிறைவேற்றுவதே அதை ஏற்பதாகும். கடைசியாக வந்த காகிதம் அவர்களுடையது, நாங்கள் எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினோம். அவர்கள் நிபந்தனையை ஏற்றுக்கொண்டோம் என்று சொல்ல அவர்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. பெரிய ஒப்பந்தங்களில் இதற்காகவே எந்த ஆவணம் எதை மிஞ்சும் என்ற வரிசை ஷரத்து இருக்கும். மூல ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு, இரண்டு ஆண்டு கழித்துப் போட்ட திருத்தத்தில் வேறொரு வரம்பு என்றால் அட்டவணைக்குள் வர வேண்டியது திருத்தம்தான். எனவே ஒரு வாடிக்கையாளரின் எல்லாக் காகிதங்களையும், கையெழுத்தான பிரதிகளாக, தேதி வரிசையில் அடுக்கிய பிறகுதான் படிக்கவே ஆரம்பிக்க வேண்டும். மின்னஞ்சலில் கிடக்கும் கையெழுத்தாகாத வேர்ட் கோப்பைப் படித்து அட்டவணை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு முந்தின இரவு அந்த எண் மாறியிருந்தது.

அந்த ஆர்டரின் கடைசி வரி, எல்லாத் தகராறும் குருகிராம் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்றது. தொழிற்சாலை ஓசூரில், தலைமை அலுவலகம் குருகிராமில். இந்த மாதிரி ஒற்றை வரிக்கு என்ன பலம் என்ற கேள்வி நம் ஊரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் ஏபிசி லாமினார்ட் நிறுவனத்தின் மீது சேலத்தில் வழக்குப் போட்டது. விற்பனை ஆவணத்தில், தகராறு கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று இருந்தது. "மட்டும்" என்பது போன்ற விலக்கும் சொல் அங்கே இல்லை, எனவே சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்த்தது. அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் எதிர் இந்தியன் ஆயில் வழக்கில் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு ஷரத்து, கொல்கத்தா என்று இருந்தது. "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறித்ததே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. தகராறோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது என்பது 1971இன் ஹக்கம் சிங் வழக்கிலேயே முடிவான விஷயம். தொடர்புள்ள பல நீதிமன்றங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவே. எங்கள் ஆர்டர் குருகிராமில் கையெழுத்தாகி அங்கிருந்தே பணம் வருகிறது. தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

சட்டப் பத்தியில் இத்தனையையும் சேல்ஸ் மேனேஜருக்கு எழுத வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது இரண்டே கேள்விக்குப் பதில். ஒன்று, அந்தச் சட்டத்தில் நம் வரம்பு நிற்குமா? ஜெர்மன் சட்டத்தில் வேண்டுமென்றே செய்த தீங்குக்கான பொறுப்பை முன்கூட்டியே விலக்க முடியாது. அச்சடித்த பொது நிபந்தனைகளில் போடும் வரம்பைக் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையிலேகூட அந்த நாட்டு நீதிமன்றங்கள் கடுமையாகச் சோதிக்கின்றன. அதே எண் நம் ஊர்ச் சட்டத்தில் கல்லாகவும் அங்கே மணலாகவும் இருக்கலாம். இரண்டு, தோற்றால் தீர்ப்பு எவ்வளவு சுலபமாகச் சென்னைக்கு வந்து சேரும்? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்று அறிவிக்கப்பட்ட நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். நடுவர் மன்றத் தீர்ப்பு என்றால் கதை வேறு. 1958இன் நியூயார்க் உடன்படிக்கை வழியாக வருவதால் அமெரிக்காவில் கொடுத்த நடுவர் தீர்ப்பையும் இங்கே நிறைவேற்றக் கேட்கலாம். எனவே "அமெரிக்கச் சட்டம்" என்று ஒரு சொல்லில் எழுதினால் போதாது. நீதிமன்றமா நடுவர் மன்றமா, நடுவர் மன்றமென்றால் அதன் இருப்பிடம் எந்த ஊர் என்பதும் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு புதிய அட்டவணை. பழைய பத்திகளோடு கடைசியில் ஒன்று சேர்ந்தது. "மோசமான நிலையில் உச்சத் தொகை." இது எந்த ஒரு ஷரத்திலிருந்தும் எடுத்தது இல்லை, மூன்றையும் சேர்த்துப் படித்துப் போட்ட கணக்கு. சிங்கப்பூர், 6.80 கோடி, ஆண்டுக் கட்டணத்தைப் போல ஏழரை மடங்கு. புனே, எல்லையற்றது. ஓசூர், எல்லையற்றது. சிவப்பாக இருந்த சிங்கப்பூர்தான் மூன்றில் அமைதியானது. 18 லட்சம் தரும் ஓசூர்தான் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிக மோசமானது.

நிறங்களை எடுத்துவிட்டேன். மதிப்பெண்ணும் போடவில்லை. இன்டெம்னிட்டிக்கு மூன்று, வரம்புக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, சராசரி சுமார் 1.67 என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புனே ஒப்பந்தத்தில் அந்தச் சராசரி நல்லதாகவே வரும். வரம்பு அழகாக இருக்கிறது, சட்டம் நம்முடையது, ஒரே ஒரு இடத்தில்தான் குறை. அந்த ஒரு குறை மற்ற இரண்டையும் செல்லாததாக்கிவிட்டதைச் சராசரி காட்டாது.

காப்பீடு இருக்கிறதே என்று மேனேஜர் கேட்டார், சரியான கேள்வி. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எங்களிடம் இருந்தது. பாலிசியைப் புரட்டியபோது, ஒப்பந்தத்தின் மூலம் மட்டுமே ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்புக்குக் காப்பு இல்லை என்ற விலக்கு இருந்தது. இந்த வகைப் பாலிசிகளில் இது சகஜம். சட்டப்படி எப்படியும் வரும் பொறுப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் நிற்கும், நாமாகத் தாராளமாகக் கொடுத்த வாக்குக்கு நிற்காது. புனேயின் 14ஆம் ஷரத்து இரண்டாவது வகை.

அட்டவணையை அவரிடம் கொடுப்பதற்கு முன் சக ஊழியர் ஐந்து ஒப்பந்தங்களை எடுத்து, என் அட்டவணையைப் பார்க்காமல், அவராகப் படித்து நிரப்பினார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். நான்கில் ஒத்துப்போனோம். ஐந்தாவதில் ரகசியக் காப்பு மீறலை அவர் வரம்புக்கு வெளியே வைத்திருந்தார், நான் உள்ளே. அவர் சொன்னதுதான் சரி. தரவுக் கசிவை ரகசியக் காப்பு மீறலாகவும் சொல்ல முடியும் என்பதால் அந்த ஒரு வரி, தரவுக்கென்று போட்ட தனி வரம்பையே உடைத்துவிடும். அதன்பிறகு மீதி எல்லாவற்றிலும் அந்த ஒரு பத்தியை மட்டும் நான் மறுபடி படித்தேன்.

மேனேஜர் கடைசியாக ஒரு பத்தி கேட்டார், நான் யோசிக்காதது. "தேதி வேணும் மேடம். எப்ப பேசலாம்னு தெரியாம இதை வச்சு நான் என்ன பண்ண?" ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கும் என்றால், எத்தனை நாள் முன்னால் கடிதம் கொடுத்தால் ஷரத்தை மாற்றிப் பேசலாம் என்பது முக்கியம். புனேயில் 90 நாள். நாங்கள் அட்டவணை முடித்தபோது கெடுவுக்கு 26 நாள் மிச்சம் இருந்தது.

இரண்டு வார்த்தைகளோடு அவர் புனே போனார். இன்டெம்னிட்டியை எடுங்கள் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவர்கள் சட்டத்துறை பேச்சையே முடித்திருக்கும். "எந்த மீறலும்" என்ற இடத்தில் "மூன்றாம் ஆள் தொடுக்கும் உரிமைமீறல் வழக்கு" என்று மாற்றக் கேட்டார். பதிலுக்கு வரம்பை ஓராண்டுக் கட்டணத்திலிருந்து ஒன்றரை ஆண்டாக உயர்த்திக் கொடுக்க நிர்வாகத்திடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தார். வாடிக்கையாளருக்குப் பெரிய எண், எங்களுக்கு உண்மையான எண். இரண்டு சந்திப்பில் கையெழுத்தானது. அட்டவணையில் "எல்லையற்றது" இருந்த இடத்தில் "90 லட்சம், உரிமைமீறல் வழக்கு நீங்கலாக" என்று எழுதி, திருத்த ஒப்பந்தத்தின் தேதியையும் ஷரத்து எண்ணையும் கீழே போட்டேன்.

ஓசூருக்கு ஆள் அனுப்பி அசல் ஆர்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வரச் சொன்னோம். அடுத்த ஆர்டர் வந்தபோது, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, பின்பக்க நிபந்தனைகளில் 9ஆம் 17ஆம் வரிகளை நாங்கள் ஏற்கவில்லை, எங்கள் விலைப்புள்ளியில் உள்ள வரம்பே பொருந்தும் என்று எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. அந்த வரிசையில் உச்சத் தொகை அப்படியே இருக்கிறது.